பின்பக்கம்

பொது ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன: ‘அக்கா’, ‘சேகர்’, ‘பேசணும்’. மூன்றாவதில்தான் கூட்டம்.

ஏற்பாடு சேகருடையது. அப்பா விட்டுப்போன படங்களைக் கல்யாணி ஸ்கேன் செய்து ஏற்றவேண்டும். நகல் இரண்டு பேருக்கும் உண்டு. அசல் யாருக்கு வேண்டுமோ, அவர் அந்தப் படத்தைத் தன் பெயருள்ள ஃபோல்டருக்குள் நகர்த்திவிட வேண்டும். இருவருக்கும் வேண்டுமென்றால் ‘பேசணும்’. எல்லாம் முடிந்ததும் அவன் பங்கு பெட்டியில் மெல்பர்னுக்குப் போகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கிளறுகிறவளுக்குத்தானே தெரியும்.

அப்பா பினாங்கு ஸ்திரீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கடையை மூடியபோது கேமராக்களை விற்றார், விளக்குகளை விற்றார், படங்களை மட்டும் ஃபெரியில் ஏற்றி பட்டர்வொர்த் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நம் ஊர் ஈரத்தில் காகிதமும் ஃபிலிமும் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத்தான் வைத்திருந்தார். மாற்றத்தான் ஆள் இல்லை. நெகட்டிவ்களில் பூஞ்சை வேர்விட்டிருந்தது. ஒரு டப்பாவைத் திறந்தால் புளித்த வினிகர் வாடை. பழைய அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் மணக்குமாம். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அந்த டப்பாவைத் தனியாக வராந்தாவில் வைத்தாள்.

ஆல்பங்கள் இன்னும் மோசம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் அந்தக் காலத்து ஆல்பம். பசை இறுகி, படம் பக்கத்தோடு பக்கமாகப் போயிருந்தது. பிய்த்தால் முகம் கிழியும். பல் இடுக்குக்குப் போடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல மெல்ல அறுத்து எடுத்தாள். ஒரு பக்கம் எடுக்க ஒரு தமிழ்ச் சீரியல் முழுக்க ஓடிவிடும்.

அதற்குள் அடுத்த தொல்லை. 4R படம் ஒன்றை 600 dpi-யில் TIFF ஆகச் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஐந்நூற்றுச் சொச்சம் படம்தான் அடங்கும். ஃபோல்டர் சேகருடையதுதான், ஆனால் யார் ஏற்றுகிறாரோ அவர் கணக்கில்தான் இடம் குறையும். ஒருநாள் கல்யாணிக்கு ஈமெயில் வருவது நின்றது. மகள் பார்த்துச் சொன்னாள்: “ஸ்டோரேஜ் ஃபுல்மா. மெயிலுக்கும் இதே இடம்தான்.”

“அப்பா படத்துக்கு மாச வாடகையும் நான்தான் கட்டணுமா?” என்று தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

“நான் கட்டுறேன்க்கா. ஏன் கோவப்படுற?”

“நீ கட்டினா என் கணக்குல இடம் கூடுமாடா?”

கூடாது. கடைசியில் அவளே தன் கணக்குக்குக் கூடுதல் இடம் வாங்கினாள், பணத்தை அவன் அனுப்பினான். அதுவரை எல்லாம் வாடிக்கையான சண்டைதான்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது ‘அக்கா’ ஃபோல்டரில் ஒரு படம் குறைந்தது. செயல்பாட்டுப் பட்டியலில் சேகர் பெயர் இருந்தது. இரவில் அவன் அதைத் தன் ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கிறான். கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஃபெரியில் எடுத்த படம் அது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி கல்யாணி நிற்கிறாள். இரட்டைச் சடை, பள்ளிக்கூடப் பை, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவளுக்குப் பின்னால், தூரத்தில், பினாங்குப் பாலம் இன்னும் நடுவில் சேராமல் நிற்கிறது. பாலம் 1985-இல் திறந்தது. அப்படியானால் அதற்கு முந்தைய வருடமாக இருக்கலாம். அவளுக்குப் பதினான்கு வயது. படம் சாய்ந்திருக்கிறது. கொஞ்சம் ஆடியும் இருக்கிறது. அப்பா எடுத்த படங்களில் அவள் எப்போதும் மோவாயைத் தூக்கி, ‘மூச்சு விடாதே’ என்று சொல்லப்பட்ட முகத்தோடு இருப்பாள். இதில் மட்டும்தான் அவள் யாரையோ திட்டப்போகிற மாதிரி இருக்கிறாள்.

படத்தின் கீழே குறிப்பு எழுதினாள்: “இதில் இருப்பது நான். என் ஃபோல்டரிலிருந்து எடுக்க உனக்கு யார் சொன்னது?”

மெல்பர்ன் இரண்டு மணி நேரம் முன்னால். அவன் மதியச் சாப்பாட்டு வேளையில் பதில் வந்தது. “எடுத்தது நான்க்கா.”

“எனக்குத் தெரியும் நீதான் எடுத்தேன்னு. ஆக்டிவிட்டில போட்டிருக்கு.”

“அது இல்ல. போட்டோவ எடுத்தது நான். அப்பா கேமராவ என் கழுத்துல மாட்டிவிட்டாரு. எனக்கு எட்டு வயசு.”

அவளுக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. அப்பா அந்தக் கேமராவைக் குழந்தை கையில் கொடுப்பாரா? ஸ்டூடியோவில் ஸ்டூலைத் தொட்டாலே கத்துகிற மனுஷன். “கதை விடாதே” என்று எழுதினாள்.

“பின்பக்கம் பாத்தியா?”

ஸ்கேன் செய்ததெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கமும் வேண்டுமென்று அவன் தொடக்கத்திலேயே கேட்டிருந்தான். வேலை இரட்டிப்பாகும், இடமும் இரட்டிப்பாகும் என்று அவள் மறுத்துவிட்டாள். இப்போது ‘அக்கா’ பெட்டியைத் திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். பருத்திக் கையுறைகூடப் போடவில்லை.

பின்பக்கம் அப்பாவின் சாய்ந்த எழுத்து. நீல மை பழுப்பாகியிருந்தது. “சேகர் எடுத்தது. கை ஆடிவிட்டது. பையன் சிரிக்க வைக்கப் பார்த்தான், அவள் முறைக்கிறாள். இருக்கட்டும்.”

கல்யாணி அதை இரண்டு தடவை படித்தாள். ஸ்டூடியோவில் ஆடிய படம் குப்பைக்குத்தான் போகும். வாடிக்கையாளர் கண்ணில்கூட அப்பா காட்டமாட்டார். இதை மட்டும் பிரிண்ட் போட்டு, ஆல்பத்திலும் ஒட்டியிருக்கிறார்.

ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தாள். சின்னதாக JPEG போதும் என்று முதலில் நினைத்தாள், அப்புறம் TIFF ஆகவே ஏற்றினாள். வேறொன்றும் எழுதவில்லை.

சேகர் அழைத்தான். இந்த முறை குரல் அழைப்பு.

“சரிக்கா, உன்கிட்டயே இருக்கட்டும். படத்துல நீதானே இருக்க.”

“அப்பா உன் பேரைத்தான் எழுதியிருக்காரு.”

“அப்ப அனுப்புறியா?”

“பிரிண்ட்டை எடுத்துக்கோ. நெகட்டிவ் எனக்கு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஸ்டூடியோக்காரர் பிள்ளைதானே அவனும்.

“அக்கா, இது கள்ளத்தனம்லா. நெகட்டிவ்தான் அசல்.”

“எடுத்தவன் நீ, பூஞ்சை துடைச்சவ நான். நாளைக்கு அந்தப் பெட்டியத் தேடுறேன், இருந்தா இருக்கு. வினிகர் டப்பாவுல மாட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் இல்ல.”

“பின்பக்கம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுவல்ல?”

“எல்லாத்தையுமா? கஸ்டமர் கவரையும் சேர்த்தா?” பணம் கட்டாமல் போனவர்களின் கவர்கள் தனியாக ஒரு பெட்டி இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ‘பாக்கி’ என்று எழுதி, பக்கத்தில் இத்தனை வெள்ளி என்று போட்டிருந்தார் அப்பா. யாரோ ஒருவரின் கல்யாணம், யாரோ ஒருவரின் குழந்தை. அதை நாம் ஏற்றக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே சண்டையில்லை.

“அது வேணாம்க்கா. நம்மளோடது மட்டும்.”

“செய்றேன். அடுத்த மாசம் நீ வர்றப்ப இங்க தரையில உட்கார்ந்து பாதியை நீ செய்.”

“டிக்கெட் விலை பாத்தியா?”

“பெட்டி அனுப்புற கூலி பாத்தியா?” என்றாள் கல்யாணி. அவன் மாட்டேன் என்று சொல்வதற்குள் ஃபோனை வைத்துவிட்டு, ஆல்பத்தின் அடுத்த பக்கத்துக்கு நூலை அறுத்து எடுத்துக்கொண்டாள்.