தரம் 8 சைவநெறி: முதலாம் தவணை வேலைத்திட்டம்

8அ, 8ஆ இரண்டுக்கும் இது பொது. கிளிநொச்சியில் நம் பாடசாலை நேரசூசிப்படி வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், 12 வாரம். கணக்குப்படி 24 வருகிறது, ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கினால் கடைசிப் பாடவேளைகள் நம் கையில் இல்லை, காலபோக அறுவடை நேரம் வயலுக்குப் போகிற பிள்ளைகளும் வரமாட்டார்கள். அதனால் 20 பாடவேளைக்குத்தான் திட்டம் போட்டிருக்கிறேன், மிச்சம் கிடைத்தால் பண்ணிசைக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் பஞ்சபுராணத்தைத் தூக்கத்திலும் பாடுவார்கள். அந்தத் தேவாரத்தை யார் பாடினார், அப்போது அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் வகுப்பே மேசையைப் பார்க்கும். 13 வயது என்பது ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்கும் வயது. ஆகவே இந்தத் தவணையில் எல்லாக் கணிப்பீட்டிலும் மனப்பாடத்துக்குக் குறைந்த புள்ளி, விளக்கத்துக்குக் கூடிய புள்ளி.

வாரம் 1: தைப்பொங்கலும் நன்றியும்
பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம், ஒரு பாடவேளை போதும். மற்றதில் பன்னிரு திருமுறை வரிசையைப் பலகையில் போட்டு, பஞ்சபுராணத்தின் ஐந்து பகுதியும், அதாவது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்பவை, எந்தத் திருமுறையில் இருக்கின்றன என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

வாரம் 2, 3: திருநாவுக்கரசர்
இங்கே நேரம் எடுங்கள். சமணத்துக்குப் போய் தருமசேனர் ஆனது, சூலைநோய், தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தது, நீற்றறை, அங்கே பாடிய ‘மாசில் வீணையும்’. சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருக்கிற ஒரு மனிதர் மாலை நிலவையும் வீசு தென்றலையும் ஏன் பாடுகிறார்? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், பதில் வரும். திலகவதியாரைப் பற்றித் தனியாக ஒரு கால்மணி நேரம் பேசலாம், அக்கா இல்லாவிட்டால் அப்பர் இல்லை. சமணரை வில்லனாக்கிக் கதை சொல்ல வேண்டாம். அவர்களுடையதும் ஒரு சமயம், அதைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

*கணிப்பீடு 1, வாரம் 3 முடிவில், 10 புள்ளி.* இரண்டிரண்டு பேராக வந்து ஒரு தேவாரம் பாடி, சொந்த வசனத்தில் பொருள் சொல்ல வேண்டும். பாடலுக்கு 3, பொருளுக்கு 4, நாம் கேட்கும் ஒரு கேள்விக்கு 3. குரல் நல்லாயில்லை என்று ஒருவருக்கும் புள்ளி குறைக்கக் கூடாது.

வாரம் 4: ஐந்தொழிலும் நடராசர் வடிவமும்
வெண்கலச் சிலையின் பெரிய படம் ஒன்று நூலகத்தில் இருக்கிறது. உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். கொப்பியில் படம் கீறிப் பெயரிடட்டும். ‘மறைத்தல்’ எப்படி ஒரு நல்ல காரியமாகும் என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்து வைப்பதும் அருளின் பகுதிதான் என்பது சைவசித்தாந்த விளக்கம், அந்த அளவில் நிறுத்துங்கள்.

வாரம் 5: பதி, பசு, பாசம்
சுருக்கமாக. வரைவிலக்கணத்தை எழுதிக் குவித்தால் அடுத்த நாளே மறந்துபோகும், மேல்வகுப்பில் எப்படியும் மறுபடி வரும்.

வாரம் 6, 7: சிவராத்திரியும் திருக்கேதீச்சரமும்
மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி எந்த வாரம் விழுகிறதோ அதற்கு ஏற்ப முன்பின் மாற்றுங்கள். நான்கு சாமப் பூசை, இலிங்கோற்பவக் கதை, தாழம்பூ சொன்ன பொய். அப்புறம் பாலாவியில் தண்ணீர் அள்ளி வந்து அடியார்களே இலிங்கத்துக்கு அபிடேகம் செய்வது. வகுப்பில் போய் வந்த பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் பேசட்டும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டதையும், 1872இல் நாவலர் அதை மீண்டும் கட்ட வேண்டும் என்று சைவர்களிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தை வரைபடத்தில் காட்டினால் இப்போதைக்குப் போதும்.

*கணிப்பீடு 2, வாரம் 7, 20 புள்ளி, 30 நிமிட எழுத்து.* இரண்டு வினா. ஒன்று, நடராசர் வடிவத்தில் ஏதாவது மூன்று அம்சங்களைத் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவதுபோல எழுதுக (12). இரண்டு, இடிந்த கோயிலை மீண்டும் கட்ட மக்கள் ஏன் நினைத்தார்கள் (8). இரண்டாவதற்கு ஒரே சரியான விடை கிடையாது, காரணம் தெளிவாக இருந்தால் புள்ளி கொடுங்கள்.

வாரம் 8, 9: கண்ணப்பர், திருநாளைப்போவார்
கண்ணப்பர் பிள்ளைகளுக்குப் பிடித்த கதை. சிவகோசரியாரும் பக்தர்தான், அவருடைய பூசையும் பிழையல்ல என்று நினைவூட்டி, இரண்டு பக்கமும் வகுப்பைப் பிரித்து விவாதிக்க வைக்கலாம்.

திருநாளைப்போவாரைக் கவனமாகக் கொண்டுபோங்கள். ‘தீயில் மூழ்கித் தூய்மையானார்’ என்று வாசித்துவிட்டுப் போவது வழக்கம். ஒரு பக்தர் கோயிலுக்குள் போக ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று 13 வயசுப் பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி, மழுப்ப வேண்டாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது, இது நம் ஊர்ச் சரித்திரமும்தான். எந்தப் பிள்ளையின் குடும்பத்தையோ குறிச்சியையோ சுட்டிப் பேச்சு போகாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

வாரம் 10: ஆறுமுக நாவலர் (1822–1879)
1848 வண்ணார்பண்ணை சைவப்பிரகாச வித்தியாசாலை, அச்சுக்கூடம், வினாவிடை முறையில் சமயப் பாடம், பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தது. சாதி விடயத்தில் அவர் பழைய ஒழுங்கோடு நின்றவர். முந்திய வாரத்துக்குப் பிறகு யாராவது கேட்டால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

வாரம் 11: நம் ஊர்க் கோயில்
புளியம்பொக்கணை நாகதம்பிரான் பங்குனி உத்திரப் பொங்கல், ஆகம முறைப் பூசைக்கும் பொங்கல் படையலுக்கும் உள்ள வித்தியாசம். சிவனொளிபாதமலைக்கு எல்லாச் சமயத்தாரும் ஏறும் பருவகாலம் இதுதான், ஒரு பத்து நிமிடம் அதற்கு.

*கணிப்பீடு 3, ஒப்படை, 20 புள்ளி.* வாரம் 8இல் கொடுத்து 11இல் வாங்க வேண்டும். ஒரு பெரியவரிடம் கேட்டு, தம் ஊர்க் கோயில் பற்றி இரண்டு பக்கம்: யார் தொடங்கினார்கள், யுத்தகாலத்தில் என்ன நடந்தது, இப்போது யார் பார்க்கிறார்கள். வீட்டில் பெரியவர் இல்லாத பிள்ளை கோயில் ஐயரிடமோ பக்கத்து வீட்டு அம்மம்மாவிடமோ கேட்கட்டும், ஏன் வீட்டில் இல்லை என்று வகுப்பில் விசாரிக்கவே கூடாது. இணையத்தில் எடுத்து ஒட்டியதுக்கு 5க்கு மேல் இல்லை.

வாரம் 12: மீட்டலும் தவணைப் பரீட்சையும் (50 புள்ளி)
பகுதி 1, ஒருசொல் விடை, 20. பகுதி 2, மூன்று விளக்க வினா, 30. கணிப்பீடு மூன்றும் சேர்ந்து 50, மொத்தம் 100. 35க்குக் கீழே வருகிற பிள்ளைக்கு இரண்டாம் தவணை முதல் வாரத்தில் வாய்மொழியாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், எழுதத் தெரியாததும் பாடம் விளங்காததும் ஒன்றல்ல. வினாத்தாள் வரைவை வாரம் 10க்குள் எனக்குத் தாருங்கள் ரீச்சர், போட்டோக்கொப்பி மெசினை மற்றப் பாடக்காரர் பிடிக்க முன்னம் அடித்துவிடலாம்.