குளியலறை மாற்றம், சமையலறை ஓதச் சுவர்: கொட்டேஷன்

தேதி: 5.1.2026
பெறுநர்: டீச்சரக்கா, வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி
அனுப்புநர்: சந்தைக்கடை மேஸ்திரி, கோபி

அக்கா, வணக்கமுங்க.

சனிக்கிழமை வந்து அளவெடுத்த வேலைக்கு விவரமும் ரேட்டும் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஒருதரம் முழுக்கப் படிச்சுப் பாருங்க. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துட்டு எடுத்து வெச்சிராதீங்க.

நீங்கள் கேட்டது ரெண்டு: ஆத்தா வழுக்காமல் போய் வரும்படி குளியலறை, அப்புறம் சமையலறைச் சுவரில் பெயிண்ட் உரிவதற்கு ஒரு வழி. நான் பார்த்த வரைக்கும் ரெண்டும் ஒரே வியாதி. அடுப்பு மேடைக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் குளியலறைக்கும் சுவர். தரையிலிருந்து மூன்றடி வரைக்கும் உப்புப் பூத்து, விரலால் தட்டினால் பூச்சு பொலபொலவென்று கொட்டுது. மோட்டாரை நிறுத்தி எல்லாக் குழாயையும் அடைத்த பிறகு காதை வைத்துக் கேட்டேன், சத்தம் இல்லை. ஆனால் குளித்து முடித்த அரை மணி நேரத்தில் சுவரின் அடிப்பக்கம் கறுத்து வருகிறது. அதனால் தரை இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்குது என்று நினைக்கிறேன். சுவருக்குள் போகிற பழைய ஜி.ஐ. பைப்பும் சேர்ந்து கசியலாம், அதை உடைத்தால்தான் தெரியும். சமையலறைப் பக்கம் மட்டும் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தரச் சொன்னால் 5,000 ரூபாய்க்குள் முடித்துத் தரலாம். அடுத்த ஐப்பசி மழைக்குள் மறுபடி கூப்பிடுவீங்க. அந்த வேலைக்கு நான் ரேட் கொடுக்கவில்லை.

அளவு

குளியலறை உள்ளளவு 8 அடிக்கு 5 அடி. சுவர் ஓடு 7 அடி உயரம் வரை. சுற்றளவு 26 அடி, அதில் இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் 165 சதுர அடி. தரை 40 சதுர அடி. சமையலறையில் மேடைக்கு மேல் 10 அடி நீளம், 2 அடி உயரம், 20 சதுர அடி. உடைவுக்கும் வெட்டுக்கும் பத்து சதவீதம் சேர்த்துப் பெட்டி கணக்குப் போட்டிருக்கிறேன். தரை ஓட்டில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பெட்டி கூடுதல். நாலு வருஷம் கழித்து ஒரு ஓடு விரிசல் விட்டால் அதே நிறம் கடையில் கிடைக்காது. மிச்சத்தை அட்டாலியில் போட்டு வையுங்க.

பொருள்

| பொருள் | அளவு | தொகை (ரூ.) |
|---|---|---|
| சுவர் ஓடு, 12க்கு 18 அங்குலம், பெட்டி 370 | 24 பெட்டி | 8,880 |
| தரை ஓடு, வழுக்காத சொரசொரப்பு, 12க்கு 12, பெட்டி 480 | 5 பெட்டி | 2,400 |
| சிமெண்ட், மூட்டை 400 | 10 மூட்டை | 4,000 |
| பி-சாண்ட், கன அடி 75 | அரை யூனிட் (50 கன அடி) | 3,750 |
| வாட்டர் புரூஃப் கோட்டிங், கலவையில் சேர்க்கும் லிக்விடுடன் | தரையும் ஒன்றரை அடிச் சுவரும் | 3,600 |
| சி.பி.வி.சி. பைப், எல்போ, டீ, வால்வு | மொத்தமாக | 5,600 |
| 4 அங்குல பி.வி.சி. பைப், வேஸ்ட் லைன், நஹானி ட்ராப் | மொத்தமாக | 3,400 |
| வெஸ்டர்ன் டாய்லெட், ஃப்ளஷ் டேங்க், சீட் | 1 | 9,500 |
| டைவர்ட்டர், ஷவர், ஹெல்த் ஃபாசெட், குழாய்கள் | மொத்தமாக | 6,800 |
| எஸ்.எஸ். கைப்பிடி, 304 கிரேடு, ஒன்று 950 | 3 | 2,850 |
| பி.வி.சி. கதவு, நிலவுடன் | 1 | 5,800 |
| தரை ஓட்டுக்குப் பசை, எபாக்ஸி கிரௌட் | மொத்தமாக | 2,800 |
| எக்ஸாஸ்ட் ஃபேன், லைட், வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. | மொத்தமாக | 4,600 |
| பட்டி, பிரைமர், எமல்ஷன் (சமையலறைச் சுவர் மட்டும்) | மொத்தமாக | 1,800 |
| பொருள் மொத்தம் | | 65,780 |

சில வரிக்கு விளக்கம் சொல்லியாகணும்.

ஆர்.சி.சி.பி. எதற்கு என்று அண்ணன் கேட்டாருங்க. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஹீட்டர் சுவிட்சைத் தொடுகிற இடம் அது. கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். இதை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க.

குழாயில் விலை குறைந்தது வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் போர் தண்ணீர். சப்பைத் தண்ணி. இப்போதிருக்கிற ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்தேன், பாதி ஓட்டை வெள்ளையாக அடைத்துக்கிடக்கு. உள்ளே செராமிக் டிஸ்க் இருக்கிற குழாயாகப் போட்டிருக்கிறேன். ஷவர் தலை கையால் திருகிக் கழற்றுகிற மாதிரி. மாசம் ஒருக்கா வினிகரில் ஊற வைத்தால் போதும்.

கைப்பிடி மூன்று: டாய்லெட்டுக்குப் பக்கச் சுவரில் ஒன்று, ஷவருக்குக் கீழே ஒன்று, கதவுக்கு உள்பக்கம் ஒன்று. ஓட்டில் மட்டும் திருகினால் ஆள் பாரம் இழுத்ததும் ஓட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் வரைக்கும் துளைத்து ஆங்கர் போல்ட் போடுவோம். துளைக்கும்போது ஓடு விரிசல் விட்டால் அது என் செலவு. உயரத்தை நான் முடிவு செய்ய மாட்டேன். ஆத்தாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகுதோ அங்கே பென்சிலால் குறிச்சுக்கலாம். டாய்லெட் உயரம் சீட்டோடு சேர்த்து 18 அங்குலம் வரும்படி எடுப்போம், முட்டி வலிக்கு அதுதான் சௌகரியம்.

கூலி

உடைப்பு வேலை (பழைய ஓடு, இந்தியன் டாய்லெட் மேடை, வாசல்படி): கையாள் 2 பேர், 2 நாள், ஆளுக்கு 900 வீதம் 3,600.

பூச்சு, தரை வாட்டம், கோட்டிங்: கொத்தனார் 4 நாள் 1,200 வீதம் 4,800, சித்தாள் 4 நாள் 700 வீதம் 2,800. சேர்த்து 7,600.

ஓடு ஒட்டுதல், சுவரும் தரையும் சமையலறையும் 225 சதுர அடி, அடிக்கு 38 வீதம் 8,550.

பிளம்பர் காண்ட்ராக்ட் 8,500. எலக்ட்ரீசியன் 2,500. கதவு மாட்ட 1,200. பெயிண்டர் 2 நாள் 2,000.

இடிபாடு அள்ள டெம்போ 2 நடை, ஏற்றுக்கூலியோடு 2,400. வாய்க்கால் ஓரத்தில் கொட்ட மாட்டோம். உங்கள் தோட்டத்து வண்டித்தடம் பள்ளத்துக்கு வேண்டுமென்றால் ஒரு நடையை அங்கேயே கொட்டி 1,200 கழிச்சுக்கலாம்.

கூலி மொத்தம் 36,350.

பொருளும் கூலியும் 1,02,130. இதற்கு மேல் என் மேற்பார்வை 8 சதவீதம், 8,170. கடையில் எனக்குக் கமிஷன் உண்டா என்று சிலர் கேட்பாங்க. பில் உங்கள் பெயரிலேயே போடச் சொல்கிறேன், கடைக்காரருக்கு நீங்களே பணம் அனுப்புங்க.

வேலைத் தொகை: ரூ. 1,10,300

எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு: 10 சதவீதம், ரூ. 11,030

எல்லாம் சேர்த்து அதிகபட்சம்: ரூ. 1,21,330

இந்த 11,030 எனக்குத் தர வேண்டிய பணம் இல்லைங்க. உங்கள் கையிலேயே இருக்கட்டும். சுவரை உடைக்கும்போது புதுசாக ஏதாவது கிளம்பினால், போட்டோ எடுத்து அனுப்பி, போனில் நீங்கள் சரி என்ற பிறகுதான் அதில் கை வைப்போம். செலவாகாவிட்டால் அது உங்களுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் ஒதுக்கீடு எழுதாமல் ஒரே தொகையாகப் பேசி எடுத்தேன். சுவரைத் திறந்தால் பைப் முழுக்கத் துரு. பாதியில் கூடுதல் பணம் கேட்கிற நிலைமை. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்குவார். தப்பு என்னுதுதான். அதிலிருந்து எழுதாமல் வேலை எடுப்பதில்லை.

என்னென்ன கிளம்பலாம் என்பதற்கு ரேட் இப்போதே: ஜி.ஐ. பைப் சமையலறைத் தொட்டி வரை துருப்பிடித்திருந்தால் மாற்ற அடிக்கு 180, 25 அடி வரலாம். தரைக்கு அடியில் நிரப்பு மண் இறங்கியிருந்தால் ஜல்லி போட்டு கெட்டிக்க 2,500. வெளியே சேம்பருக்குப் போகிற லைன் அடைத்திருந்தாலோ வேர் புகுந்திருந்தாலோ 3,500 (பக்கத்திலேயே வேப்பமரம் நிற்குது, அதுதான் பயம்). மூன்றும் சேர்ந்து வந்தாலும் 10,500, ஒதுக்கீட்டுக்குள் அடங்கும். அதையும் தாண்டினால் வேலையை நிறுத்திட்டுப் பேசுவோம்.

நாள் கணக்கு

மார்கழி கழியட்டும். தை 5, ஜனவரி 19 திங்கள் தொடக்கம். 20 சாயங்காலத்துக்குள் உடைப்பு, 21 பைப்பும் பூச்சும், 22, 23 கோட்டிங். 24 சனி சாயங்காலம் நஹானி ட்ராப்பை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி, திங்கள் காலையில் அளவு குறைந்திருக்கா, சமையலறைப் பக்கம் கசிஞ்சிருக்கா என்று நீங்களும் நானும் சேர்ந்து பார்ப்போம். அது சரியானால்தான் தரைக்கு ஓடு. 26 முதல் 28 ஓடு வேலை. கதவிலிருந்து ட்ராப் வரை 8 அடிக்கு ஒன்றே கால் அங்குலம் வாட்டம். 29 கிரௌட், டாய்லெட், கைப்பிடி, கதவு. 31-ஆம் தேதியிலிருந்து ஆத்தா புழங்கலாம்.

ஜனவரி 30 முதல் பிப்ரவரி 2 வரை வேலை இல்லை. 1-ஆம் தேதி தைப்பூசம், என் ஆட்களில் மூன்று பேர் பழனிக்கு நடக்கிறாங்க. நிறுத்தினாலும் நிற்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். அந்த இடைவெளி சமையலறைப் பூச்சு காயவும் உதவும். பிப்ரவரி 3 முதல் 6 வரை பட்டி, பெயிண்ட், லைட், ஃபேன். சுவரில் ஈரம் நின்றிருந்தால் பெயிண்டை மட்டும் ஒரு வாரம் தள்ளுவோம்.

ஜனவரி 19 முதல் 30 வரை பன்னிரண்டு நாளும் ஆத்தாவுக்கு வெளிக் கழிப்பறைதான். அங்கே போகிற வழியில் படியோரம் கயிறு கட்டி, ஒரு லைட் போட்டுத் தருகிறேன். அதற்குக் காசு இல்லை.

பணம்

பொருளுக்கு கடையில் நேரடியாக. எனக்கு வர வேண்டியது கூலியும் மேற்பார்வையும் 44,520. தொடக்கத்தில் 10,000. முதல் சனிக்கிழமை, 24 அன்று 14,000. 29 வியாழன் 12,000. பூசத்துக்குக் கிளம்புகிறவர்கள் கையில் காசு வேண்டும், சனி வரை தள்ளாதீங்க. மீதி 8,520 வேலை முடிந்து இரண்டு வாரம் குளித்துப் பார்த்து, சுவர் காய்ந்திருந்தால்.

எனக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, அதனால் கூலிக்கு வரி சேர்க்கவில்லை. பொருள் விலை வரி உட்பட. சிமெண்டுக்கு 2025 செப்டம்பரில் வரி 28-லிருந்து 18 ஆனதால் மூட்டை 400-க்குப் போட முடிந்தது.

இதில் சேராதது

புது ஹீட்டர் (பழையதைக் கழற்றி மாட்டித் தருவோம்), கண்ணாடி, வாஷ் பேசின், அடுப்பு மேடைக் கல், மொட்டை மாடி வேலை. நீங்கள் காட்டிய ஓட்டை விட விலை கூடியது எடுத்தால் வித்தியாசம் மட்டும் கூடும், ஒட்டுக்கூலி மாறாது.

தரையிலோ பைப் மூட்டிலோ ஒரு வருஷத்துக்குள் கசிந்தால் கூலி வாங்காமல் வந்து பார்ப்பேன். ஆசிட் ஊற்றித் தேய்த்து கிரௌட் கெட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை. வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்லி வையுங்க.

இந்த ரேட் ஜனவரி 20 வரை. 19-ஆம் தேதி தொடங்க வேண்டுமென்றால் 12-க்குள் சொல்லிட்டீங்கன்னா ஓடு எடுக்க ஒரு நாள் சேர்ந்தே போய் வரலாம். ஆத்தாவையும் கூட்டிட்டு வாங்க, தரை ஓட்டை அவங்களே காலால் தேய்ச்சுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சந்தைக்கடை மேஸ்திரி