சரியான விடைக்குள் மறையும் தவறான புரிதல்: ஆறாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடுதல் குறித்த வகுப்பறை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

0.6, 0.45 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 45 என்பது 6ஐவிடப் பெரியது என்பதால் 0.45 என்று விடை சொல்லும் மாணவர்கள் எல்லா வகுப்புகளிலும் இருக்கிறார்கள். முழு எண்களில் கற்ற விதியைத் தசமப் புள்ளிக்கு அப்பாலும் நீட்டுவதால் இப்பிழை எழுகிறது என்பதை 1980களில் வெளிவந்த ஆய்வுகளே விளக்கிவிட்டன. பின்னங்களிலிருந்து பெற்ற அரைகுறைப் புரிதலால், இலக்கங்கள் குறைவாக உள்ள எண்ணே பெரியது என்று கருதும் எதிர்வகைப் பிழையும் அவற்றில் பதிவாகியுள்ளது. இவ்விரண்டையும் தீர்ப்பதற்கு வகுப்பறையில் வழக்கமாகக் கற்பிக்கப்படுவது, வலப்புறம் பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமப்படுத்தும் விதி. இந்த விதி பிழையான புரிதலை நீக்குகிறதா, அல்லது விடைத்தாளில் அது தென்படாதபடி மட்டும் செய்கிறதா என்பதே இவ்வாய்வின் கேள்வி. விதிக்கு முன்பாக எண்கோட்டையும் மாணவர்களின் சொந்த விளக்கங்களையும் வைத்துக் கற்பித்தால் புரிதலில் வேறுபாடு உண்டாகிறதா என்று அறிவது இதன் இரண்டாவது நோக்கம்.

ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம் கணிதம் பயிலும் ஆறாம் வகுப்பின் இரு பிரிவுகளைச் சேர்ந்த 58 மாணவர்கள் இதில் பங்கேற்றனர். முதல் பிரிவில் பூச்சியம் சேர்க்கும் விதி தொடக்கத்திலேயே கற்பிக்கப்பட்டு, பயிற்சிக் கணக்குகள் தரப்பட்டன. இரண்டாம் பிரிவில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தொலைவைப் பத்தாகவும், அப்பகுதிகளில் ஒன்றை மீண்டும் பத்தாகவும் மாணவர்களே பிரித்து எண்களைக் குறித்தனர். ஒவ்வொரு விடைக்கும் காரணம் சொன்ன பிறகே விதி அறிமுகமாயிற்று. கற்பித்தல் முடிந்த மறுநாளும் நான்கு வாரங்களுக்குப் பின்னும் எழுத்துத் தேர்வு நடத்தப்பட்டது. இரு பிரிவுகளிலிருந்தும் தெரிவு செய்யப்பட்ட 14 மாணவர்களுடன் தனித்தனியே நேர்காணலும் நடந்தது.

தேர்வின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம், ஏனெனில் ஆய்வின் முடிவுகள் அனைத்தும் அதைச் சார்ந்தவை. 0.37, 0.52 போன்று இலக்க எண்ணிக்கை சமமாக உள்ள இணைகளில் இவ்விரு வகைப் பிழைப்புரிதல் உடையவரும் பெரும்பாலும் சரியான விடையையே தருவார். 0.75, 0.4 என்ற இணையில், நீளமான எண்ணே பெரியது என்று நம்புபவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும், 4.8, 4.63 என்ற இணை அவரை அடையாளம் காட்டும், ஆனால் குறுகிய எண்ணே பெரியது என்று நம்புபவரைத் தப்பவிடும். எனவே இவ்வகை இணைகளோடு 4.08, 4.7 போலப் புள்ளியை அடுத்துப் பூச்சியம் வரும் இணைகளும், 0.4, 0.40 போன்ற சம மதிப்புடைய இணைகளும் கலந்து தரப்பட்டன. மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிடாமல், ஒவ்வொரு மாணவரின் விடைகளும் எந்த எண்ணப்போக்கோடு பொருந்துகின்றன என்றே பகுத்தாய்ந்தோம்.

மறுநாள் நடந்த தேர்வில், ஒப்பிடும் வினாக்களைப் பொறுத்தவரை இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. விதியை மட்டும் கற்ற பிரிவினர் விரைவாகவும் முடித்தனர். இந்த இடத்தில் ஆய்வு நின்றிருந்தால் விதியே போதும் என்ற முடிவுக்கு வந்திருப்போம். நேர்காணல்கள் வேறொன்றைக் காட்டின. முதல் பிரிவைச் சேர்ந்த ஒரு மாணவி 0.6ஐ 0.60 என்று மாற்றி எழுதி, 60 பெரியது, 45 சிறியது என்று சொல்லிச் சரியான விடையைத் தந்தார். அதே எண்களை எண்கோட்டில் குறிக்கச் சொன்னபோது, 0.6ஐ நடுப்புள்ளியைச் சற்றே தாண்டியும் 0.60ஐ 1க்கு மிக அருகிலும் குறித்தார். இரண்டும் வெவ்வேறு எண்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. 0.3க்கும் 0.4க்கும் இடையே ஏதேனும் எண் உண்டா என்ற கேள்விக்கு, 3க்கு அடுத்தது 4 என்பதால் இல்லை என்றார். பூச்சியம் சேர்த்ததன் மூலம் அவர் தசமக் கணக்கை முழு எண் கணக்காக மாற்றிக்கொண்டார். எந்தப் புரிதலைத் திருத்த விதி கற்பிக்கப்பட்டதோ, அந்தப் புரிதலைக் கொண்டே விதியைச் சரியாகப் பயன்படுத்தினார். அப்பிரிவில் நேர்காணல் செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் இப்போக்கு ஏதோ ஒரு வடிவில் காணப்பட்டது.

நான்கு வாரங்களுக்குப் பின் வேறுபாடு எழுத்திலும் வெளிப்பட்டது. முதல் பிரிவினர் சிலர் பூச்சியத்தை இடப்புறம் சேர்த்து 0.6ஐ 0.06 ஆக்கினர். இரண்டாம் பிரிவினர் விதி நினைவில் இல்லாதபோதும் பத்தில் ஒன்றாம் இடத்தை முதலில் பார்த்து முடிவெடுத்தனர். எனினும் எண்கோடு தன்னளவில் மருந்தாகிவிடவில்லை. இடைவெளிகளை எண்ணாமல் கோட்டின் குறிகளை எண்ணியவர்கள் அதிலும் தவறினர். ஆயிரத்தில் ஒன்றாம் இடம் வந்ததும் பலர் தடுமாறினர்.

வகுப்பு உரையாடல்களின் பதிவுகளிலிருந்து கிடைத்த ஒரு செய்தியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு தவறான விளக்கம் பலகையில் எழுதப்பட்டபோது மாணவர்கள் ஆசிரியரின் முகத்தையே பார்த்து, அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தனர். நீளமானதே பெரியது, குறுகியதே பெரியது என்ற இரு எதிரெதிர் விளக்கங்களும் அருகருகே எழுதப்பட்டு, ஆசிரியர் எதையும் ஆமோதிக்காமல் நின்றபோதுதான் அவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, எண்கோட்டுக்குத் திரும்பினர்.

ஒரே பள்ளியின் இரு பிரிவுகளில் நடந்த ஆய்வு என்பதாலும், மாணவர்கள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை என்பதாலும், இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்த நாங்கள் முற்படவில்லை. ஆயினும் மூன்று பரிந்துரைகளை உறுதியோடு முன்வைக்கிறோம். வளரறி மதிப்பீட்டுக்கான தசம வினாக்களில், பிழைப்புரிதலோடும் சரியாகிவிடக்கூடிய இணைகள் மட்டுமே இடம்பெறுவதைத் தவிர்க்க வேண்டும். பயிற்சி ஏடுகளில் இரண்டு தசம இடங்களே திரும்பத் திரும்ப வருவதும் இதே காரணத்தால் தீங்கானது. பூச்சியம் சேர்க்கும் விதியை விலக்க வேண்டியதில்லை, ஆனால் 0.6உம் 0.60உம் எண்கோட்டில் ஒரே புள்ளி என்பதை மாணவர் தாமே குறித்துக் கண்ட பிறகு அது வர வேண்டும். ஆசிரியர் பயிற்சியில், ஒரு விடை சரியா தவறா என்று திருத்துவதோடு, அந்த விடை எந்தெந்த எண்ணப்போக்குகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று வாசிக்கும் பழக்கமும் கற்பிக்கப்பட வேண்டும். மாநாட்டு அமர்வில் தேர்வுத்தாளின் இணைகளையும் மாணவர்கள் வரைந்த எண்கோடுகளையும் பங்கேற்பாளர்கள் முன் வைத்து, அவர்களோடு சேர்ந்து பகுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதன்மைச் சொற்கள்: தசம எண்கள், இடமதிப்பு, பிழைப்புரிதல், எண்கோடு, வளரறி மதிப்பீடு, வகுப்பறை உரையாடல்