பொருள்: 32, 45 மி.மீ. சீல்களுக்குக் கன்சைன்மென்ட் இருப்பு, 25 மி.மீ. சீலுக்கு முன்கணிப்பு முறை: ஆறு மாதச் சோதனைக்கான முன்மொழிவு

பெறுநர்: விற்பனைப் பிரிவுத் தலைவர் அவர்கள்
நகல்: உங்கள் உற்பத்தித் திட்டப் பிரிவு, எங்கள் ஸ்டோர்ஸ் மேலாளர், எங்கள் கணக்குப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 26 வாரங்களில் மெக்கானிக்கல் சீல் இல்லாமல் எங்கள் பம்பு அசெம்பிளி ஐந்து முறை நின்றது. மொத்தம் 11 ஷிஃப்டுகள் வீணாயின. இதைக் குறையாகச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஐந்தையும் ஆர்டர் தேதி, அனுப்பிய தேதி, ஸ்டோர்ஸ் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு முறை சரக்கு உங்களிடமிருந்து தாமதமாக வந்தது. மற்ற மூன்று முறையும் தவறு எங்களுடையது. ஒரு மாதம் 32 மி.மீ. சீலுக்கு ஆர்டரே தரவில்லை. அடுத்த மாதம் நான்கு ஆர்டர்கள், நான்கிலும் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தோம். எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் செய்வது என்று உங்கள் உற்பத்திப் பிரிவு எப்படி முடிவு செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், எங்கள் உண்மையான பயன்பாடு இவ்வளவு ஏறி இறங்கவே இல்லை. 32 மி.மீ. சீல் வாரத்துக்குச் சராசரியாக 140 செலவாகிறது; மிக அதிகமான வாரத்தில் 210. 45 மி.மீ. சராசரி 60, அதிகபட்சம் 95. பயன்பாடு சீராக இருந்தும் ஆர்டர்தான் அலைபாய்கிறது. நாங்கள் மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் தருகிறோம். தட்டுப்பாடு வரும் என்று பயந்து கொஞ்சம் கூட்டியும் கேட்கிறோம். அதைப் பார்த்து நீங்கள் கார்பன் வளையத்துக்கு இன்னும் கூட்டி ஆர்டர் தருகிறீர்கள். ஆறு வாரம் கழித்து அந்த வளையம் வந்து சேரும்போது எங்களுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆகவே நீங்கள் பார்த்துத் திட்டமிட வேண்டியது எங்கள் ஆர்டரை அல்ல, பயன்பாட்டை என்பது என் எண்ணம். அதற்கு வழியாகத்தான் கீழ்க்காணும் ஏற்பாட்டை முன்வைக்கிறேன்.

32, 45 மி.மீ. சீல்களை எங்கள் ஸ்டோர்ஸில் உங்கள் சரக்காகவே வைக்கலாம். அவற்றுக்குத் தனியாகப் பூட்டிய கூண்டு ஒன்று ஒதுக்குகிறோம். ‘சப்ளையர் சொத்து’ என்ற பலகை அதில் தொங்கும். அசெம்பிளிக்கு எடுத்துப் பதிவு செய்யும் நொடி வரை உரிமை உங்களுடையது. எடுத்த எண்ணிக்கையும் மீதி இருப்பும் ஒவ்வொரு நாள் மாலையும் உங்களுக்கு வரும். 32 மி.மீ. சீலுக்குக் குறைந்தபட்சம் 420, அதிகபட்சம் 840, 45 மி.மீ. சீலுக்கு 190, 360. கீழ் எல்லை, மிக மோசமான இரண்டு வாரங்கள் அடுத்தடுத்து வந்தாலும் தாங்கும் அளவு. மேல் எல்லை ஆறு வாரச் சராசரிப் பயன்பாடு. இந்த இரண்டு எல்லைகளுக்குள் எப்போது, எவ்வளவு அனுப்புவது என்பது முழுக்க உங்கள் முடிவு. உங்கள் இயந்திரத்துக்கு எந்த அளவு தொகுதி வசதியோ அப்படி ஓட்டிக்கொள்ளுங்கள். இனி நாங்கள் அவசரம் என்று தொலைபேசியில் அழைக்க மாட்டோம் என்று உறுதி கூற ஆசைதான். அழைப்புகள் வெகுவாகக் குறையும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப் படித்ததும் உங்கள் கணக்குப் பிரிவு என்ன கேட்கும் என்று தெரியும்: “நம் பணம் அவர்கள் அலமாரியில் தூங்க வேண்டுமா?” நியாயமான கேள்வி. கணக்கு இதோ. இன்று சரக்கு அனுப்பிய 60 நாட்களில், அதாவது ஏறக்குறைய எட்டரை வாரத்தில், பணம் தருகிறோம். புதிய முறையில் ஒரு சீல் எங்கள் கூண்டில் சராசரியாக நாலரை வாரம் இருக்கும். பயன்பாட்டு அறிக்கையை மாதம் இரு முறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் தருவோம்; அதன்படி நீங்கள் இன்வாய்ஸ் போடுவீர்கள். அதில் சராசரியாக ஒரு வாரம் போகும். அதற்குப் பிறகும் 60 நாள் என்றால் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும். எனவே இன்வாய்ஸ் தேதியிலிருந்து 21 நாட்களில் பணம் தர எங்கள் கணக்குப் பிரிவு எழுத்தில் சம்மதித்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் அதே எட்டரை வாரம்தான். அது மட்டுமல்ல, எங்களுக்கென்று உங்கள் கிடங்கில் இப்போது எடுத்து வைக்கும் முடிந்த சரக்கை இனி அங்கே வைக்கத் தேவையில்லை.

சரக்கு உங்களுடையது என்றாலும் காவல் எங்களுடையது. திருட்டு, சேதம், எண்ணிக்கைக் குறைவு எதுவானாலும் எடுத்ததாகவே கணக்கில் கொண்டு பணம் தருவோம். காப்பீட்டுச் செலவும் எங்களுடையது. மாதக் கடைசி வேலை நாளில் இரு தரப்பும் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். சீலில் உள்ள ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிவிடும் என்பதால், முதலில் வந்ததை முதலில் எடுக்கும் ஒழுங்கு கட்டாயம். ஒவ்வொரு பெட்டியிலும் தயாரிப்பு வாரத்தைக் குறித்து அனுப்ப வேண்டுகிறேன். 120 நாட்கள் எடுக்காமல் கிடக்கும் சீலை நாங்களே வாங்கிக்கொள்வோம். பம்பின் வடிவமைப்பை நாங்கள் மாற்றியதால் தேவையற்றுப் போன இருப்புக்கும் அதே பொறுப்பு. தரக் குறைபாட்டுக்கு மட்டும் இன்றுள்ள நிபந்தனைகளே தொடரும்.

25 மி.மீ. சீலை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. அதன் பயன்பாடு ஒரு வாரம் பூஜ்யம், மறு வாரம் 80. அப்படிப்பட்ட சரக்கைக் கூண்டில் குவிப்பது உங்களுக்கு நட்டம், எங்களுக்கும் பெரிய பயன் இல்லை. அதற்கு 12 வார முன்கணிப்பு ஒன்றை ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப்பித்து அனுப்புகிறோம். முதல் நான்கு வாரம் உறுதியான ஆர்டர், மாற்ற மாட்டோம். அடுத்த நான்கு வாரம் 25 விழுக்காடு வரை ஏறலாம், இறங்கலாம். அதில் சொன்ன எண்ணிக்கைக்கு நீங்கள் கார்பன் வளையம் வாங்கி, நாங்கள் ஆர்டரைக் கைவிட்டால் அந்த மூலப்பொருளின் விலையை ஏற்கிறோம். கடைசி நான்கு வாரம் தகவலுக்கு மட்டும். எங்கள் முன்கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை மாதாமாதம் நாங்களே கணக்கிட்டு உங்களுக்குக் காட்டுவோம். முதல் இரண்டு மாதம் அந்த எண் அழகாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கன்சைன்மென்ட் முறை உங்களுக்குச் சரிப்படாது என்றால், மூன்று அளவுகளையும் இந்த முன்கணிப்பு முறையிலேயே நடத்தலாம். இரண்டு வாரப் பாதுகாப்பு இருப்பை உங்கள் கிடங்கில் வைத்து, எங்கள் பயன்பாட்டைப் பார்த்து நிரப்ப வேண்டியிருக்கும். எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் இன்றைய நிலை தொடர்வதைவிட இரண்டாவது வழியும் மேல்.

ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். இரு தரப்பில் யாரும் 30 நாள் அறிவிப்பில் விலகலாம். விலகினால் கூண்டில் உள்ள நல்ல சரக்கை நாங்கள் வாங்கிக்கொள்வோம். விலையைக் குறைக்கும்படி இதோடு சேர்த்துக் கேட்கவில்லை. சரக்கு இடம் மாறும் நாளும் இன்வாய்ஸ் நாளும் வேறாக இருப்பதால், வரி ஆவணம் எப்போது எழுத வேண்டும் என்பதை மட்டும் இரு தரப்புக் கணக்காளர்களும் முதல் லோடு வருவதற்கு முன் பேசி முடித்துவிட வேண்டும்.

வரும் வாரம் புதன்கிழமை காலை 10.30 மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன். ஸ்டோர்ஸ் மேலாளரும் உடன் வருவார். உங்கள் உற்பத்தித் திட்டப் பொறுப்பாளர் அவசியம் இருக்க வேண்டும். மேலே சொன்ன எல்லைகளில் எது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அவருக்குத்தான் தெரியும். நேரம் பொருந்தாவிட்டால் வெள்ளிக்கிழமை பிற்பகலும் வர முடியும்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்
பம்பு உற்பத்திப் பிரிவு

இணைப்பு: மூன்று அளவு சீல்களின் 26 வாரப் பயன்பாடு, வாரவாரியாக, அசெம்பிளி நின்ற ஐந்து நாட்களின் விவரம்