பாலும் சீனியும்

திருவட்டாரிலிருந்து குலசேகரம் போகிற ரோட்டில் தங்கையனின் சாயாக்கடை. விடிவதற்கு முன்பே அங்கே அடுப்பு பற்றிவிடும். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு சாயாவைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவார்கள்.

மகன் ஜினுவுக்கு ஏழாம் வகுப்பு முடிந்து லீவு. கடையில் கிளாஸ் கழுவுவது அவன் வேலை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் தங்கையன் கேட்டார்: "மக்களே, நாளைக்கு எவ்வளவு பால் சொல்லணும்?"

"இன்னைக்கு ஆறு லிட்டர். நாளைக்கும் ஆறு."

"இன்னைக்கு அரை லிட்டர் மிஞ்சிச்சு. நேத்தும் மிஞ்சிச்சு. தினமும் தயிர் போட்டா உங்கம்மைக்குச் சந்தோஷம்தான். கடை எப்படிடே ஓடும்?"

ஜினு நோட்டை எடுத்து உட்கார்ந்தான். ஒரு சாயாவுக்கு எவ்வளவு பால் போகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் மில்லியில் தெரியாது. அவர் கைக்குத்தான் தெரியும். கால் லிட்டர் படியில் தண்ணீரை நிரப்பி, பால் ஊற்றுகிற சின்னக் கப்பில் அப்பா எடுக்கிற அளவுக்கு எடுத்து எடுத்து ஊற்றினான். சரியாக ஐந்து கப்பு. ஆக ஒரு சாயாவுக்கு 50 மில்லி. லிட்டருக்கு 20 சாயா. செலவான ஐந்தரை லிட்டருக்கு 110.

அடுத்தது சீனி. அப்பா ஸ்பூனை டின்னுக்குள் விட்டு எடுத்ததும் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். கூம்பாக நின்றது சரிந்து விழும், ஸ்பூன் மட்டமாகிவிடும். இருபது வருடமாக அதே தட்டு. ஜினுவும் அதே மாதிரி தட்டித் தட்டி இருபது ஸ்பூன் சீனியைத் தாளில் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தான். 100 கிராம். ஒரு ஸ்பூன் 5 கிராம், சாயாவுக்கு ரெண்டு ஸ்பூன், 10 கிராம். காலையில் டின்னில் ரெண்டு கிலோ கொட்டியிருந்தார்கள். இப்போது ஒரு கிலோ இருந்தது.

"அப்பா, பால் நூத்திப்பத்து சாயான்னு சொல்லுது. சீனி நூறுன்னு சொல்லுது."

"அப்போ?"

"பத்து பேரு சீனி இல்லாமக் குடிச்சிருக்காங்க."

"கட்டன் குடிச்சவன் எங்கே போனான்?"

ஜினு விழித்தான். கட்டனுக்குப் பால் கிடையாது, சீனி உண்டு. சீனி கம்மியாகக் கேட்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். கணக்கு புத்தகத்தில் சாயாக்கடை வந்தால் எல்லாரும் ஒரே மாதிரி குடிப்பார்கள். இங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு. அதை ஆள் ஆளாகத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியே இல்லை.

வியாழக்கிழமை மூன்று காலி டப்பாக்களையும் ஒரு கை புளியங்கொட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். சீனி இல்லாததற்கு ஒன்று, கம்மிக்கு ஒன்று, கட்டனுக்கு ஒன்று. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கொட்டை விழுந்தது. வெட்டுக்காரர்களில் ஒருத்தர்கூடச் சீனியைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பத்து மணி வரைக்கும் அந்தச் சாயாதான் ஆகாரம். ஒட்டுபால் எடைக்குப் போடுகிற அண்ணனுக்கு எப்போதும் கம்மி. வெற்றிலைக் கடைப் பாட்டாவுக்குச் சர்க்கரை வியாதி. "சீனியே போடாதே, டாக்டர் திட்டுவாரு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டேதான் பெஞ்சில் உட்காருவார்.

அன்றும் ஐந்தரை லிட்டர் செலவு. கொட்டைகளை எண்ணினான். சீனி இல்லாதது 12, கம்மி 20, கட்டன் 14. மீதி 78 சாயாவுக்கு 780 கிராம், கம்மிக்கு 100, கட்டனுக்கு 140. கூட்டினால் ஒரு கிலோ 20 கிராம். டின்னைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். குறைந்திருந்தது ஒரு கிலோ 25.

"அஞ்சு கிராம் இடிக்குதுப்பா. ஒரு ஸ்பூன்."

"அது பாட்டா. நான் பஜ்ஜி திருப்பும்போது சத்தமில்லாம எடுத்து வாயில போட்டாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

ஜினு நோட்டில் 'பாட்டா 5' என்று எழுதினான்.

"சீனிக்கு நீ இவ்வளவு கஷ்டப்படாண்டாம்" என்றார் தங்கையன். "ஈரம் படாம மூடி வச்சா அடுத்த வாரத்துக்கும் ஆகும். பால் அப்படி இல்ல. அதுக்கு நாளைக்கு யாரு வருவான், யாரு வரமாட்டான்னு இன்னைக்கே தெரியணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது. தென்மேற்கு மழை தொடங்குகிற சமயம். விடியற்காலையில் பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் சிரட்டைக்குள் இறங்காமல் பட்டையில் பரவி ஒழுகும். வெட்டு நடக்காது. ஆனால் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டின தோட்டங்களுக்கு ஆள் போகும். காலையில் வருகிற 25 பேரில் யார் எந்தத் தோட்டம் என்று ஜினு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் இல்லாத இடம் 15 பேர். அவர்களைக் கழித்தால் முக்கால் லிட்டர் குறையும்.

"மேலத்தெரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட ஆளு வருது" என்று தங்கையன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "பத்து பேரு."

"ரெண்டு நேரம் குடிப்பாங்களா?"

"பின்னே?"

20 சாயா, ஒரு லிட்டர். ஐந்தரையில் முக்காலைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் ஐந்தே முக்கால். பால் மாமி அரை அரை லிட்டராகத்தான் ஊற்றுவாள். ஐந்தரையா, ஆறா? ஜினு அப்பாவைப் பார்த்தான். அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கிற மாதிரி தெரியவில்லை.

"அஞ்சரை" என்றான் ஜினு. "குறைஞ்சா கட்டன் போட்டுக் கொடுக்கலாம். மிஞ்சினா தயிருதான்."

சனிக்கிழமை மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் தோட்டக்காரர்கள் மட்டும் குடையோடு வந்தார்கள். பந்தல்காரர்கள் பத்துப் பேரும் வந்தார்கள். மழை விடாததால் கம்பு நட முடியாமல் கடையிலேயே ஒதுங்கி நின்று மூன்று நேரம் குடித்தார்கள். இதை அவன் யோசிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பால் பாத்திரம் காலி. அப்புறம் வந்த நாலு பேரில் மூன்று பேர் இஞ்சி தட்டிப் போட்ட கட்டன் குடித்தார்கள். ஒருத்தர் "பால் இல்லையா?" என்று கேட்டுவிட்டு மழையிலேயே திரும்பிப் போனார். பாட்டாவின் மருமகன்தான்.

"ஒரு ஆளு போனது கணக்குல வருமா அப்பா?"

"வரும். எழுதிக்கோ."

எழுதினான். கீழே கோடு போட்டுவிட்டு, அப்பாவின் போனை எடுத்து அவனே அழைத்தான்.

"மாமி, நாளைக்கு ஆறு லிட்டர்."

"மழை நிக்காதுன்னு சொல்றாங்களே மக்களே. வெட்டுக்காரன் எவனும் வரமாட்டான். அப்பாகிட்ட கேட்டியா?"

"இல்ல மாமி, நான்தான் சொல்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா, பூசை முடிஞ்சு ஆளு வரும். மழைன்னா உடனே வீட்டுக்குப் போகமாட்டாங்க, இங்கதான் ஒதுங்குவாங்க. ஆறு போடுங்க."