ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் அலைநீளமும் அப்சார்பன்ஸும்: ஃபில்டர் வைத்துச் சரிபார்க்கும் செய்முறை

பீன்யா லேப், தண்ணீர்ப் பிரிவு. இரட்டைக் கதிர் யூவி-விசிபிள் கருவிக்கு மட்டும்.

எப்போது

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, சாம்பிள் வண்டி வருவதற்கு முன். லேம்ப் மாற்றினாலும், கருவியை ஓரடி நகர்த்தினாலும், சர்வீஸ்காரர் மூடியைத் திறந்துவிட்டுப் போனாலும் அன்றைக்கே இன்னொரு முறை. "ஒன்றும் தொடவில்லை சார், தூசிதான் தட்டினேன்" என்று அவர் சொன்னாலும் செய்யத்தான் வேண்டும்.

கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறி, கருவி அணைந்து மறுபடி எழுந்திருந்தால் அன்று காலை எடுத்த அளவுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் சூடாக விட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

தொடங்கும் முன்

இரண்டு பெட்டிகள் வேண்டும். ஒன்றில் ஹோல்மியம் ஆக்சைடு கண்ணாடி ஃபில்டர், அலைநீளத்துக்கு அது. இன்னொன்றில் மூன்று சாம்பல் நிற நியூட்ரல் கண்ணாடி ஃபில்டர்களும் ஒரு காலி ஹோல்டரும், அப்சார்பன்ஸுக்கு அவை. இரண்டின் சான்றிதழும் மேசையில் விரித்திருக்க வேண்டும். ஃபில்டரின் சட்டத்தில் பொறித்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று முதலில் பாருங்கள். நம்முடையதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறு அளவீட்டுக்கு அனுப்புகிறோம்.

பெட்டியைத் திறந்த உடனே ஃபில்டரை உள்ளே வைக்க வேண்டாம். கருவி சூடாகும் ஒரு மணி நேரமும் பெட்டி கருவிப் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். அறை 22 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஏசி திணறும், அந்த நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபில்டரை உலோகச் சட்டத்தின் மேல் விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய் ரேகையே அப்சார்பன்ஸை மூன்றாவது தசமத்தில் தள்ளிவிடும். தூசி இருந்தால் ரப்பர் பல்பால் காற்று ஊதுங்கள். டிஷ்யூ பேப்பர், வேட்டி முனை, கோட்டு முனை எதுவும் கண்ணாடியில் படக்கூடாது. ஊதியும் போகாத கறை என்றால் பதிவேட்டில் எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். வாயால் ஊதுவது ஆகவே ஆகாது.

முதல் பகுதி: அலைநீளம்

இரண்டு அறைகளும் காலியாக இருக்கும்போது பேஸ்லைன் எடுங்கள். ஸ்லிட் 1 நானோமீட்டர், புள்ளி இடைவெளி 0.1, வேகம் மெதுவானது, 650-லிருந்து 270 வரை. பெரியதிலிருந்து சிறியதை நோக்கித்தான் ஒவ்வொரு முறையும் போக வேண்டும். கிரேட்டிங்கைத் திருப்பும் இயந்திரத்தில் கொஞ்சம் தளர்வு இருக்கும். ஒரு முறை மேலிருந்தும் ஒரு முறை கீழிருந்தும் வந்தால் பீக் அந்தத் தளர்வின் அளவுக்கு இடம் மாறித் தெரியும்.

லேம்ப் மாறும் இடம் 340-இல் இருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். யாராவது அதை 360-க்கு மாற்றியிருந்தால் ஹோல்மியத்தின் 360.8 பீக் மேலேயே ஒரு படி விழும், அந்தப் பீக்கை நம்ப முடியாது.

ஹோல்மியம் ஃபில்டரை சாம்பிள் பக்கத்தில் வைத்து, மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். பீக்கைக் கருவியே தேடித் தரும். ஆனாலும் திரையில் பெரிதாக்கி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 446, 453, 460 மூன்றும் ஒட்டி ஒட்டி நிற்கும் கூட்டம், தேடும் மென்பொருள் சில சமயம் பக்கத்துப் பீக்கைப் பிடித்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஹோல்மியம் கண்ணாடி வேறு, பெர்குளோரிக் அமிலத்தில் கரைத்த ஹோல்மியம் கரைசல் வேறு. கரைசலின் கடைசி பீக் 640.5-இல் வரும். நம் கண்ணாடியின் சான்றிதழில் அதே பீக் 637.7. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கரைசல் அட்டவணையை வைத்துக் கண்ணாடியைச் சோதித்தால், நல்ல கருவியும் கிட்டத்தட்ட 3 நானோமீட்டர் தவறிவிட்டதாகத் தெரியும். கண்ணாடிக்குக் கண்ணாடி உருக்கும் தொகுதியைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறும் என்பதால் பொது அட்டவணையே வேண்டாம். நம் சான்றிதழ்தான் கணக்கு. அதுவும் 1 நானோமீட்டர் ஸ்லிட்டில் கொடுத்தது. 2-இல் ஓட்டினால் சமச்சீரில்லாத பீக்குகள் இடம் நகரும்.

இந்த மாதம் எடுத்தது, மூன்று ஸ்கேனின் சராசரி, அறை 24 டிகிரி:

| சான்றிதழ் | கருவி காட்டியது | வித்தியாசம் |
|---|---|---|
| 279.4 | 279.7 | +0.3 |
| 360.8 | 361.1 | +0.3 |
| 418.5 | 418.8 | +0.3 |
| 453.5 | 453.8 | +0.3 |
| 536.5 | 536.9 | +0.4 |
| 637.7 | 638.1 | +0.4 |

நம் உள் வரம்பு ±0.5. அமெரிக்க மருந்து நூல் 400-க்குக் கீழே ±1, மேலே ±2 வரை விடுகிறது. தண்ணீர்ப் பிரிவுக்கு அவ்வளவு தாராளம் வேண்டாம் என்று நாமே இறுக்கி வைத்திருக்கிறோம். எனவே இந்த மாதம் தேர்ச்சி.

ஆனால் எண்களைத் தனித்தனியாகப் பார்த்து டிக் அடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். வித்தியாசங்களை வரிசையாகப் படியுங்கள். எல்லாமே ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியென்றால் கிரேட்டிங்கின் தொடக்கப் புள்ளி நகர்ந்திருக்கிறது. ஒரு முனையில் −0.2, மறு முனையில் +0.5 என்று சரிவாக வந்திருந்தால் திருப்பும் இயந்திரத்தையே சந்தேகிக்க வேண்டும், அது சர்வீஸ் வேலை.

ஃபில்டர் பொய் சொல்கிறதா, கருவியா என்று பிரித்துப் பார்க்க டியூட்டீரியம் லேம்ப்பே போதும். எனர்ஜி மோடில் அதன் 656.1 கோட்டைத் தேடுங்கள். இந்த மாதம் 656.5 காட்டியது. ஃபில்டரே இல்லாமல் அதே +0.4. ஆக, ஃபில்டர் மேல் பழி இல்லை. மெனுவில் உள்ள அலைநீளச் சரிசெய்தலை ஓட்டிவிட்டு, ஹோல்மியத்தை மறுபடி எடுங்கள். சரிசெய்வதற்கு முன் வந்த எண்ணும் பின் வந்த எண்ணும் இரண்டுமே பதிவேட்டில் இருக்க வேண்டும். முந்தையதை விட்டுவிட்டால், போன மாதச் சாம்பிள்கள் எந்த நிலையில் ஓடின என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் பகுதி: அப்சார்பன்ஸ்

அலைநீளம் தேர்ச்சி பெற்ற பிறகுதான் இது. நியூட்ரல் கண்ணாடி பெயருக்குத்தான் நியூட்ரல். அதன் கோடும் முழுக்கத் தட்டையாக இருக்காது.

சான்றிதழில் 440, 465, 546.1, 590, 635 என்று ஐந்து அலைநீளங்கள். காலி ஹோல்டரைச் சாம்பிள் பக்கம் வைத்து, ஒவ்வொரு அலைநீளத்திலும் பூஜ்யம் செய்யுங்கள். ரெஃபரன்ஸ் பக்கம் வெறும் காற்று. அப்புறம் வெளிர் ஃபில்டரிலிருந்து கரும் ஃபில்டர் வரை, ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து வைத்துப் படியுங்கள். குறியிட்ட முகம் எப்போதும் ஒளி வரும் பக்கம். கடைசியில் காலி ஹோல்டரை மறுபடி வைத்துப் பாருங்கள், 0.001-க்கு மேல் நகர்ந்திருந்தால் நடுவில் எடுத்ததெல்லாம் வீண்.

வரம்பு: 1.0 வரை ±0.010. அதற்கு மேல் சான்றிதழ் மதிப்பில் 1 சதவீதம். 546.1-இல் இந்த மாதம்:

| சான்றிதழ் | மூன்று அளவு | சராசரி | வித்தியாசம் |
|---|---|---|---|
| 0.5123 | 0.514, 0.515, 0.514 | 0.5143 | +0.0020 |
| 0.7248 | 0.728, 0.727, 0.728 | 0.7277 | +0.0029 |
| 1.0391 | 1.044, 1.044, 1.045 | 1.0443 | +0.0052 |

மூன்றும் தேர்ச்சி. இங்கேயும் வரிசையைப் படியுங்கள். வித்தியாசம் நிலையான ஓர் அளவு அல்ல. ஃபில்டர் கருக்கக் கருக்க அதுவும் வளர்கிறது, ஏறக்குறைய அரை சதவீதம். கண்ணாடியில் அழுக்கு என்றால் ஒரு ஃபில்டர் மட்டும் தனியாக விலகும். பூஜ்யம் தவறினால் மூன்றும் ஒரே அளவு விலகும். தெறிக்கும் ஒளி உள்ளே கலந்தால் கரும் ஃபில்டர் குறைவாகக் காட்டும், கூடுதலாகக் காட்டாது. ஃபில்டர் சாய்ந்து உட்கார்ந்தால் ஒளி கண்ணாடிக்குள் நீண்ட வழி போகும், இப்படித்தான் விகிதமாக வளரும், ஆனால் 0.4 சதவீதத்துக்கே ஏழெட்டு டிகிரி சாய வேண்டும், நம் ஹோல்டர் ஸ்பிரிங் அவ்வளவு மோசமில்லை. மிச்சம் டிடெக்டரின் நேர்த்தன்மை. இப்போதைக்கு எதையும் தொட வேண்டாம். சுவரில் உள்ள வரைபடத்தில் புள்ளி வையுங்கள், தொடர்ந்து மூன்று மாதம் ஒரே பக்கம் ஏறினால் சர்வீஸைக் கூப்பிடுவோம்.

மற்ற நான்கு அலைநீளங்களும் இதே மாதிரிதான் வந்தன, எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன.

இந்த ஃபில்டர்கள் சொல்லாதது

போர்வெல் தண்ணீரில் நைட்ரேட்டை நாம் 220-இல் பார்க்கிறோம், கரிமப் பொருளுக்குத் திருத்தம் 275-இல். நைட்ரேட்டின் கோடு 220-இல் செங்குத்தாக இறங்கும் சரிவு, அங்கே 0.3 நானோமீட்டர் என்பது சும்மா இல்லை. ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே கருவியில் ஓடுவதால் பெரும் பகுதி அடிபட்டுப் போகிறது என்பது உண்மை. ஆனால் ஸ்டாண்டர்டு கோட்டைத் திங்கட்கிழமை போட்டு, சாம்பிளை வியாழக்கிழமை ஓட்டும் பழக்கம் இருக்கும்வரை அதை நம்பி உட்கார முடியாது.

ஹோல்மியம் கண்ணாடி 279-க்குக் கீழே நமக்கு உதவாது. சாம்பல் ஃபில்டர்கள் 440-இலேயே நின்றுவிடும். எனவே யூவி பக்கத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சீல் செய்த க்யூவெட்டில் உள்ள ஹோல்மியம் கரைசலின் 241.1 பீக்கும், பொட்டாசியம் டைகுரோமேட்டின் 235, 257, 313, 350 அளவுகளும் எடுக்கிறோம். அதன் செய்முறை தனியாக இருக்கிறது. பாஸ்பேட்டுக்கு 880 பயன்படுத்துகிறோமே, அந்தப் பக்கம் 807 அருகே ஒரு பீக் தரும் டிடிமியம் கண்ணாடி வாங்கச் சொல்லிக் கோரிக்கை கொடுத்திருக்கிறேன். வரும்வரை பாஸ்பேட் அறிக்கையில் அலைநீளச் சோதனை 638 வரைதான் என்று குறிப்பிடுங்கள்.

வரம்பு தாண்டினால்

பதறி உடனே மெனுவில் சரிசெய்யாதீர்கள். முதலில் ஃபில்டரை எடுத்து ஊதி, மறுபடி பேஸ்லைன் எடுத்து, ஃபில்டரை மீண்டும் வைத்து ஒரே ஒரு முறை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். அப்போதும் தாண்டினால் கருவியில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, அன்றைய சாம்பிள்களைக் குளிர் அறையில் வைத்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். கடைசியாகத் தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து போன அறிக்கைகளின் பட்டியலை எடுத்து வையுங்கள். எதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்வோம். நல்ல எண் வரும்வரை ஐந்தாறு முறை ஓட்டி, வந்த ஒன்றை மட்டும் எழுதுவது கூடாது. ஆடிட்டர் கருவியின் நினைவகத்தைத்தான் முதலில் திறப்பார்.

முடிந்ததும் ஃபில்டர்கள் உடனே பெட்டிக்கு, சிலிக்கா ஜெல் பையோடு. ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பாகியிருந்தால் ஓவனில் காய வைத்துவிட்டுப் போடுங்கள். பதிவேட்டில் செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர் என இரண்டு கையெழுத்து.