அம்மாவிடம் முதலில் கேளுங்கள்

கோவை வடவள்ளியில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்திலிருந்து, தொலைவில் வாழும் மகன்களுக்கும் மகள்களுக்கும்

அப்பா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கிறீர்கள். அவர் போய்க் கதவைத் தட்டி, "ஒன்றுமில்லை, தூங்கிவிட்டார்" என்று சொல்லும் வரை உங்களுக்கு உயிர் உங்களிடத்தில் இல்லை. எங்களிடம் பேசும் பிள்ளைகளில் பலர் அந்தக் கால் மணி நேரத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ" என்கிறார்கள்.

பெற்றவர்கள் மேல் பாசம் இல்லாதவர்கள் எங்களை அழைப்பதே இல்லை. அதனால் "பாசம் இல்லையா" என்ற கேள்வியை இங்கே யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். நாங்கள் கேட்பது வேறு: "அம்மாவிடம் கேட்டுவிட்டீர்களா?"

அம்மா சம்மதிக்காமல் நாங்கள் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. கோயிலுக்குப் போகலாம் என்று காரில் ஏற்றி இங்கே இறக்கிவிடும் கொடுமைக்கு எங்கள் வாசலில் இடமில்லை. முதலில் ஏழு நாள் விருந்தாளியாக வந்து தங்கட்டும். அந்த ஏழு நாளுக்கு உணவுச் செலவு மட்டும் வாங்கிக்கொள்கிறோம். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் பெட்டியைக் கட்டி வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். காரணம் கேட்பதில்லை.

இங்கே அவர்கள் எப்படி இருப்பார்கள்

மொத்தம் 34 அறைகள், எல்லாம் தரைத்தளத்தில். அறைச் சாவி அவர்கள் கையில் இருக்கும். எங்கள் ஊழியர்கள் கதவைத் தட்டி, "வாங்க" என்ற குரல் கேட்ட பிறகே உள்ளே போவார்கள். வாத்தியாராக இருந்தவர் இங்கேயும் வாத்தியார் ஐயாதான். டீச்சராக இருந்தவர் டீச்சரம்மாதான். "தாத்தா, சமர்த்தாகச் சாப்பிடுங்க பார்க்கலாம்" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் யாரும் பேசக் கூடாது என்பது வேலைக்கு வரும் முதல் நாளே நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். அவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்களைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதும் கூடாது.

பிறந்தநாள், நினைவுநாள் என்று அன்னதானம் செய்ய நல்ல மனதோடு பலர் கேட்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து, இலையில் சோறு வைக்கும்போது படம் எடுப்பதற்கு அனுமதி இல்லை. நாற்பது வருடம் நாலு பேருக்குச் சோறு போட்ட கை அது.

எங்களோடு இருக்கும் ஓர் அம்மா, காலை ஐந்தரைக்குத் தன் பித்தளை டபராவில்தான் காபி குடிப்பார். வந்த புதிதில் சமையலறையில் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். பாதி அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அவருடைய மகள் வீட்டிலிருந்த டபராவைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அதைப் புளி போட்டுத் துலக்கி வைப்பது சமையலறை மல்லிகாவின் வேலை, அது பளபளக்கிறதா என்று பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. இங்கே பழகுவதற்கு அவருக்கு உதவியது அந்த டபராதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

சமையல் கொங்கு வீட்டுச் சமையல். உப்பு, சர்க்கரை குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குத் தனியாக வைக்கிறோம், ருசி கெடாமல். மாலையில் மருதமலை அடிவாரக் காற்று நன்றாக வீசும். நடக்க முடிந்தவர்கள் அந்த நேரத்தில் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

உடம்புக்கு ஏதாவது என்றால்

இந்த வயதில் பெரிய ஆபத்து, கீழே விழுவது. அதிலும் இரவில் சிறுநீர் கழிக்க அவசரமாக எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அதனால் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும் உயரத்தில்தான் கட்டில்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை சுவரில் பிடிமானக் கம்பி, இரவு முழுக்க எரியும் சிறிய விளக்கு, தலைமாட்டில் அழைப்பு மணி. இரவுப் பணியில் இரண்டு செவிலியர்கள் விழித்திருப்பார்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஆகவே தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் ஊசி. நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஒருவர் இன்று தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்று நாங்கள் விடுவதில்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுகிறோம். வழக்கமான பரிசோதனைக்குச் செவ்வாயும் வெள்ளியும் மருத்துவர் வருகிறார்.

கெட்ட செய்தியை உங்களிடம் மறைக்க மாட்டோம். அப்பா விழுந்தால் அன்றே சொல்வோம், அடிபடாவிட்டாலும் சொல்வோம். மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், உங்கள் ஊரில் இரவு இரண்டு மணியாக இருந்தாலும் எழுப்புவோம். உங்கள் பதிலுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க மாட்டோம். எங்கள் ஆள் ஒருவர், நீங்களோ உறவினரோ வரும் வரை கூடவே இருப்பார். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், எங்களிடமிருந்து போன் வராத நாட்களில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் செவிலியர் ஒரு குரல் பதிவு அனுப்புவார்: என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், யாரோடு சண்டை போட்டார் என்பது வரை. அம்மாவின் அனுமதியோடுதான் அதுவும். வீடியோ அழைப்புக்கு எங்கள் உதவியாளர் போனைப் பிடித்துக் காது கருவியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை ஆகும்போது இங்கே மாலை ஏழு; நியூஜெர்சியில் அது காலை நேரம். அவரவருக்கு ஏற்ற நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறோம்.

பணம், காகிதம், கடைசிக் காலம்

தனி அறைக்கு மாதம் 32,000 ரூபாய், இருவர் அறையில் ஒருவருக்கு 24,000. மருந்தும் மருத்துவமனைச் செலவும் தனி, ரசீதோடு. முன்பணம் இரண்டு மாதத் தொகை. விலகினால் முப்பது நாளுக்குள் திருப்பித் தருகிறோம். ஓய்வூதியர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை மறக்காமல் முடித்துவிடுகிறோம்; தபால்காரரே வந்து விரல் ரேகை வைத்துப் பதிந்து தரும் வசதி இருக்கிறது. ஆனால் உயில், சொத்து, வங்கி சம்பந்தமான எதிலும் எங்கள் ஊழியர்கள் சாட்சிக் கையெழுத்துகூடப் போட மாட்டார்கள்.

முதியோருக்கான அரசு உதவி எண் 14567 ஒவ்வோர் அறையிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எங்களைப் பற்றிய குறையையும் அதில் சொல்லலாம்.

முற்றிய மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளத் தேவையான பயிற்சி பெற்ற ஆட்கள் எங்களிடம் இல்லை. சேர்த்துக்கொண்டு சிரமப்படுத்துவதைவிட இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சேரும் வாரத்திலேயே ஒரு கடினமான பேச்சையும் பேசிவிடுகிறோம், பெரியவரிடமே. செயற்கைச் சுவாசம் வேண்டுமா, கடைசியில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், காரியங்களை யார் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். எழுபத்தெட்டு வயது ஐயா ஒருவர் சிரித்தபடி, "இதை என் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று" என்றார். பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேரும் வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்து, விளக்கேற்றி, கூடவே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

ஊருக்கு வரும்போது சொல்லாமலே வந்து பாருங்கள், எந்த நேரமானாலும் சரி. சமையலறைக்குள் போங்கள், கழிவறைகளைத் திறந்து பாருங்கள், இங்கே இருப்பவர்களிடம் நாங்கள் இல்லாத இடத்தில் பேசுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவர் தினமும் காபி குடிக்கும் டம்ளரையும் எடுத்து வாருங்கள்.